எத்தனை கொட்டு என்று கேட்கிறார்கள்

எங்கள் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பிள்ளைகளைத் தேனீ கொட்டிய செய்தி, மாவட்டப் பக்கத்தின் ஓரத்தில் நான்கு வரியில் வந்தது. அதைப் படித்தவர்களும் படித்தவர்களிடம் கேள்விப்பட்டவர்களும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். முதலாவது, "பசங்க கல்லு கில்லு விட்டாங்களா சார்?" விடவில்லை என்று சொன்னால் அத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது கேள்விதான் வம்பு. "யாருக்கு ரொம்ப அதிகமா கொட்டுச்சு? எத்தனை கொட்டு?" இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் கேட்டவருக்கு பஸ் வந்துவிடுகிறது. பாதியில் விட்டுவிட்டு ஏறிப் போய்விடுகிறார்கள். ஆகவே முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஏன் வம்பு என்றால், அந்த எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு அன்றைக்கு முடிவெடுத்திருந்தால் ஒரு பெண் பிள்ளையை இழந்திருப்போம். அவளுக்குக் கொட்டியது மூன்றே மூன்று. எண்ணிக்கையில் முதலில் நின்ற பையனோ, உடம்பெல்லாம் கொட்டு வாங்கியும் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அப்படியானால் எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை என்று நினைத்தால் அதுவும் தப்பு. அவனுடைய எண்ணிக்கை ராத்திரி பேச ஆரம்பித்தது. தேனீ விஷம் இரண்டு வேறு வழியில் வேலை செய்கிறது. இரண்டுக்கும் நேரக் கணக்கு வேறு. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். மற்றதெல்லாம் அதைச் சொல்வதற்கான கதை.

குளக்கரையில்

வலங்கைமான் பக்கத்தில் குடமுருட்டிக் கரையோரம் ஒரு சிற்றூர். காலாண்டு விடுமுறையில் முகாம், எல்லாரும் பிளஸ் ஒன் பிள்ளைகள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தங்கல். குறுவை அறுப்பு பாதி முடிந்து, சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு ஒதுக்கிய வேலை, ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் மண்டியிருந்த நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டி அப்புறப்படுத்துவது. டெல்டாக்காரர்களுக்கு அந்தச் செடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெட்டிப் போட்ட இடத்திலேயே வேர் விட்டு மறுபடி எழுந்து நிற்கும்.

குளத்தின் வடகரையில் ஒரு பெரிய அரசமரம். அதன் உயரக் கிளைகளின் அடிப்பக்கத்தில் நான்கு தேன் அடைகள் தொங்கின. கொம்புத்தேனீயோ பொந்தில் இருக்கும் அடுக்குத் தேனீயோ இல்லை, மலைத்தேனீ. பொந்து, மறைவு எதுவும் இல்லாமல் வெட்டவெளியில் ஒற்றை அடையாகக் கட்டும். அடை ஒன்று ஒரு மீட்டர் அகலத்துக்கு மேலேகூட வரும். நாம் கீழே நின்று பார்க்கும்போது தெரிவது அடையே இல்லை. அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு தொங்கும் ஆயிரக்கணக்கான தேனீக்கள்தான். ஊர்க்காரர்கள் முதல் நாளே காட்டினார்கள். "வருசா வருசம் வரும், தானா போயிடும், நாம அந்தப் பக்கம் போகாம இருந்தா சரி" என்றார் பஞ்சாயத்துத் தலைவர். வடகரையில் வேலை வேண்டாம் என்று அன்றே முடிவு செய்து, நாங்கள் தென்கரை வாய்க்காலோடு நின்றுகொண்டோம். நடுவில் முழுக் குளம்.

காலை பதினோரு மணி இருக்கும். மோர் குடிக்கக் கரையேறிய ஒரு பிள்ளைதான் முதலில் பார்த்திருக்கிறாள். ஒரு பருந்து வந்து அடையில் மோதிவிட்டுப் போயிற்று என்றாள். தேன்பருந்து என்று ஒரு பறவை உண்டு. பெயரில் தேன் இருந்தாலும் அதற்கு வேண்டியது அடைக்குள் இருக்கும் புழுதான். முகத்தில் செதில் போல நெருக்கமாக இறகு இருப்பதால் கொடுக்கு எளிதில் இறங்காது. அது பாட்டுக்குப் பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். கலைந்த கூட்டம் கீழே யார் இருக்கிறார்கள் என்று தேடும். மறுநாள் மரத்தடியில் உள்ளங்கை அகல அடைத் துண்டு ஒன்று, வெள்ளைப் புழுக்களோடு எறும்பு மொய்த்துக் கிடந்ததை நானே பார்த்தேன். கல் எறிந்தார்களா என்ற கேள்விக்கு அதுதான் என் பதில். ஆனாலும் அந்த ஊர் டீக்கடையில் இன்றைக்கும் "வாத்தியார் பசங்களுக்குப் பரிஞ்சு பேசுறார்" என்றுதான் பேச்சு. பேசட்டும்.

மலைத்தேனீயின் அடையில் தொந்தரவுக்கு முன்னால் ஒரு அறிகுறி தெரியும். போர்வை போலத் தொங்கும் தேனீக்கள் வரிசையாகப் பின்புறத்தைத் தூக்கித் தூக்கி இறக்கும். அடை முழுக்க அலை ஓடுவது போல இருக்கும். குளவி கிட்டே வந்தால் அதை மிரட்டி விரட்ட அப்படிச் செய்யும். அலை ஓடுகிறது என்றால் அவை விழிப்பாக இருக்கின்றன என்று பொருள், இன்னும் கிளம்பவில்லை. அந்தக் கட்டத்தில் சத்தமில்லாமல் விலகிப் போய்விட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எங்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. பருந்து மோதிய அடை மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டது. தூரத்தில் அறுவடை மெஷின் வருகிறது என்றுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டு நினைத்தேன்.

"தேனீ வந்தா அசையாம நிக்கணும்" என்று பிள்ளைகளுக்கு யாரோ சின்ன வயசில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பூவில் தேன் எடுக்க வந்த ஒரு தேனீ முகத்தைச் சுற்றினால் அது சரி. கூட்டைக் காக்கக் கிளம்பிய கூட்டத்துக்கு அது பொருந்தாது. முதல் தேனீ கொட்டியதும் கொடுக்கோடு சேர்ந்து ஒரு வாசனை வெளியாகும். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தின் வாசனை. அன்றைக்கு அந்த வாசனை எனக்கே அடித்தது. தோலில் அந்த வாசனை இருக்கும் இடத்தைத் தேடித்தான் அடுத்த தேனீ வரும். கையால் அடித்து நசுக்கினாலும் அதே வாசனைதான். நிற்பவன் கொட்டு வாங்கிக்கொண்டே இருப்பான். அதனால் நாங்கள் போட்ட ஒரே கூச்சல், "பள்ளிக்கூடத்துக்கு ஓடு, சட்டையைத் தலையில போடு, ஓடு!" மலைத்தேனீ நூறு மீட்டரைத் தாண்டியும் துரத்தும். ஆகவே ஓடுவது மட்டும் போதாது, கதவு உள்ள இடத்துக்கு ஓட வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். சில பையன்கள் மட்டும் டெல்டாப் பிள்ளைகளுக்கே உரிய புத்தியோடு குளத்தில் குதித்தார்கள். எல்லாருக்கும் நீச்சல் தெரியும், அது ஒரு ஆறுதல். ஆனால் தேனீக்கள் தண்ணீருக்கு மேலே காத்திருக்கின்றன. மூச்சுக்காகத் தலை வெளியே வரும்போதெல்லாம் கொட்ட அவற்றுக்குக் கிடைக்கும் இடம் தலை, உதடு, இமை, காது. மற்றவர்கள் இதைப் புரிந்துகொண்டு கரையேறி ஓட, ஒருவன் மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டான். சேற்றில் வேலை செய்வதற்காகச் சட்டையைக் கழற்றி வைத்திருந்தவன் அவன். குதிப்பதற்கு முன்பே முதுகு முழுக்க வாங்கியிருந்தான். சாலையில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நனைத்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி, நெல் மூடும் தார்ப்பாயை அவன் மேல் விரித்து, அதற்குள்ளேயே சுருட்டி இழுத்து வந்தார்கள். அவர்களுக்கும் நன்றாகவே கொட்டியது. அவர்கள் இருவரும் மருத்துவமனைக்கு வர மறுத்துவிட்டு மறுபடி நெல்லைக் கிளறப் போய்விட்டார்கள். அவர்களைப் பிடித்து வண்டியில் ஏற்றுவது தனி வேலையாகப் போயிற்று.

அறைக்குள்

வகுப்பறைக்குள் வந்த பிறகும் முடியவில்லை. பிள்ளைகளோடு தேனீக்களும் உள்ளே வந்திருந்தன. சமையல் செய்யும் அம்மா ஒருவர்தான் ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி ஒன்றை மட்டும் திறந்து வைக்கச் சொன்னார். இருட்டில் தேனீ வெளிச்சத்தை நோக்கித்தான் பறக்கும். இரண்டு மூன்று நிமிஷத்தில் அந்த ஒரு ஜன்னல் வழியாக முக்கால்வாசி போய்விட்டன. மிச்சம் இருந்தவை பெண் பிள்ளைகளின் பின்னலுக்குள். எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய முடிக்குள் புகுந்துவிட்டால் தேனீக்கு வெளியே வரத் தெரியாது. உள்ளேயே "ஞொய்" என்று சத்தம் போட்டுக்கொண்டு கொட்டும். பின்னலை அவிழ்த்துச் சீப்பால் ஒவ்வொன்றாகச் சீவி எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் அழுததை விட, முடியை அவிழ்க்க வேண்டாம் என்று பதறியதுதான் அதிகம்.

இதற்குள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவோடு வந்துவிட்டார். கதண்டு கடிக்கும் தேளுக்கும் எல்லாவற்றுக்கும் அவரிடம் சுண்ணாம்புதான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கதண்டுக்கும் தேனீக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கதண்டு கொட்டிவிட்டுக் கொடுக்கைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும், அதே கதண்டு மறுபடியும் கொட்டும். தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. அது தோலில் மாட்டிக்கொண்டு, விஷப்பையோடு சேர்ந்து பிய்ந்து வந்துவிடும். தேனீ பறந்துபோய்ச் சாகும். ஆனால் பிய்ந்த பை தோலின் மேல் உட்கார்ந்தபடி, தானே சுருங்கிச் சுருங்கி விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். பெரும்பகுதி விஷம் முதல் 20 விநாடியிலேயே இறங்கிவிடுகிறது; ஒரு நிமிஷத்தில் பை காலி. அந்த ஒரு நிமிஷம் சுண்ணாம்பு தேய்க்கும் நேரம் கிடையாது, கொடுக்கைப் பிடுங்கும் நேரம்.

எப்படிப் பிடுங்குவது என்பதிலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. விரலால் கிள்ளக் கூடாது, பை நசுங்கி விஷம் உள்ளே போகும், அட்டையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். நானும் முதலுதவிப் பயிற்சியில் அப்படித்தான் படித்தேன். 1996-ல் லான்செட் இதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்று பேர், தேனீக்களைக் கொட்டவைத்துச் சோதித்து இதற்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். கிள்ளினாலும் சுரண்டினாலும் வீக்கத்தில் வித்தியாசமில்லை; எத்தனை விநாடி தாமதம் என்பதுதான் வித்தியாசம். அட்டையைத் தேடிப் போகிற நேரத்தில் நகத்தாலேயே எடுத்துவிடலாம். உண்மையில், குளத்திலிருந்து வந்தவனின் முதுகில் நாங்கள் எடுத்த கொடுக்குகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே காலியாகத்தான் இருந்திருக்கும். சின்னச் சின்ன வெள்ளை முத்தும் அதன் நுனியில் கறுப்பு முள்ளும். கிட்டப் பார்த்தால் சில பைகள் அப்போதும் துடித்துக்கொண்டிருந்தன. எண்பதுக்கு மேல் எண்ணினோம். தலைமுடிக்குள் இருந்ததை எண்ணவில்லை.

மூன்று கொட்டு

108-க்குச் சொல்லியாயிற்று, வலங்கைமானிலிருந்து வர நேரமாகும் என்றார்கள். ஊரில் உடனே கிடைத்தது ஒரு குட்டியானை வண்டி. அதில் படுக்கவைத்து ஒரே ஒருவரைத்தான் ஒழுங்காகக் கொண்டுபோக முடியும், கூட இரண்டு பேர் உட்காரலாம். யாரை ஏற்றுவது என்ற கேள்வியே அங்கே யாருக்கும் எழவில்லை. குளத்துப் பையனின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிக் கிடந்தது. கண் இரண்டும் மூடிவிட்டன. அவனைத் தூக்க நான்கு பேர் கை வைத்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஊரின் கிராம சுகாதாரச் செவிலியர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். தடுப்பூசி நாள் என்பதால் பக்கத்துத் தெருவில் இருந்திருக்கிறார். வந்தவர் பையனை ஒரு நிமிஷம் பார்த்தார். அவனிடம் பேர் கேட்டார், எந்த ஊர் கேட்டார், அவன் தெளிவாகப் பதில் சொன்னான். நாடி பார்த்தார். அப்புறம் எழுந்து திரும்பி, "எத்தனை கொட்டுன்னு அப்புறம் எண்ணலாம் சார். யாருக்காவது குரல் மாறியிருக்கா? யாருக்காவது வாந்தி, மயக்கம்? கொட்டாத இடத்துல தடிப்பு?" என்று கேட்டார்.

வாந்தி எடுத்தவள் ஒருத்தி இருந்தாள். கையில் இரண்டு, கழுத்தில் ஒன்று. பயத்தில் வாந்தி என்று எல்லாருமே நினைத்தோம். பயந்து வாந்தி எடுக்காத பிள்ளை உண்டா என்ன? தோழிகள் அவளைச் சுவரோரம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செவிலியர் போய்க் கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கை சிவந்து அரிப்பு. வயிற்றிலும் தொடையிலும் சிவப்புத் தடிப்பு, அங்கே ஒரு கொட்டும் இல்லை. "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டதற்கு அவள், "தொண்டையில என்னமோ அடைக்குற மாதிரி இருக்குக்கா" என்றாள். அது அவள் குரலே இல்லை. காலையில் பிரார்த்தனைப் பாட்டுப் பாடிய பிள்ளை; கரகரவென்று யாரோ பேசுவது போல வந்தது.

"இந்தப் பிள்ளைதான் முதல்ல" என்றார். சுற்றி நின்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "நர்சம்மா, அந்தப் பையனைப் பாருங்க, முகமே தெரியல" என்று ஒரு அம்மா சத்தம் போட்டார். எனக்கும் கால் அந்தப் பையன் பக்கம்தான் இழுத்தது. அவர் யாரிடமும் வாதாடவில்லை. பெண்ணைக் கைத்தாங்கலாக நடத்தப் போனவர்களை மட்டும் அதட்டினார்: "நடக்க விடாதீங்க, நிக்க வைக்காதீங்க, தூக்குங்க." மூச்சு சிரமம் இருந்ததால் வண்டியில் தோளுக்குக் கொஞ்சம் சாய்மானம் கொடுத்து, கால்களை நீட்டி உயர்த்தி வைத்தார். வண்டி கிளம்பும்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு, "கொட்டு மூணுதான் டாக்டர், ஆனா தொண்டை கட்டுது, அட்ரினலின் எடுத்து வைங்க" என்று சொன்னது எனக்கு இன்னும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. நானும் அந்த வண்டியில்தான் போனேன். பையனை உடன் வந்த இன்னொரு ஆசிரியர் பார்த்துக்கொண்டார். 108 வந்து அவனையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டது.

சுகாதார நிலையத்தில் மருத்துவர் அந்தப் பெண்ணுக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஒரு ஊசி போட்டார். அரை மில்லிக்கும் குறைவான மருந்து. சட்டென்று எல்லாம் சரியாகவில்லை. சில நிமிஷம் கழித்து இன்னொரு ஊசி வேண்டியிருந்தது. அப்புறம் குரல் மெல்லத் திரும்பியது. அவில், டெக்சா ஊசிகளும் போட்டார்கள். ஆனால் அவை அரிப்புக்கும் பின்னால் வருவதற்கும்தான் உதவும், அடைக்கும் தொண்டையைத் திறக்கவும் விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்கவும் அட்ரினலின் மட்டும்தான் என்று மருத்துவர் சொன்னார். பல இடங்களில் அவிலைப் போட்டுவிட்டு "பார்ப்போம்" என்று உட்காரவைப்பதுதான் வழக்கம், அங்கேதான் உயிர் போகிறது என்று அவருக்கு வருத்தம். அறிகுறி அடங்கிவிட்டாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம் என்பதால் அவளை அன்றிரவு வீட்டுக்கு விடவில்லை.

இவளுக்கு ஏன் இப்படி, இவளைவிட அதிகமாகக் கொட்டு வாங்கியவர்களுக்கு ஏன் இல்லை என்றால், அது ஒவ்வாமை. விஷத்தின் அளவு இதில் பேச்சே இல்லை. உடம்பு ஏற்கெனவே ஒருமுறை இந்த விஷத்தைப் பார்த்து, அதை எதிரி என்று குறித்துவைத்திருக்கிறது. மருத்துவர் கேட்டபோதுதான் சொன்னாள், போன வருஷம் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு தேனீ கொட்டியிருக்கிறது. லேசாக வீங்கி அடங்கிவிட்டது. "போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்று அவள் அப்பா கேட்டார். போன தடவை ஒன்றும் ஆகாதது எந்த உத்தரவாதமும் தராது. பெரும்பாலும் முதல் கொட்டில்தான் உடம்பு விஷத்தைக் குறித்துவைத்துக்கொள்கிறது, அடுத்ததில்தான் காட்டுகிறது. இது நடப்பதானால் சில நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ராத்திரிக் கணக்கு

இனி அந்தப் பையன். அவனை மாவட்டத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு கண் கொஞ்சம் திறந்திருந்தது. "சார், பிரியாணி எப்ப?" என்று கேட்டான், கடைசி நாள் முகாமில் பிரியாணி என்று சொல்லியிருந்தோம். அவன் அப்பா ஊரிலிருந்து டிவிஎஸ்ஸில் வந்துவிட்டார். பிள்ளை பேசுகிறான், தின்கிறான், கொடுக்கெல்லாம் எடுத்தாயிற்று. "இன்னும் என்ன சார்? கூட்டிட்டுப் போறேன். வீட்டுல அவங்க அம்மா அழுதுக்கிட்டு கிடக்கு" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. மதியத்திலிருந்து எல்லாரும், நான் உட்பட, ஆபத்து அந்தப் பெண்ணுக்குத்தான், பையன் தப்பித்துவிட்டான் என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

பணியில் இருந்த இளம் மருத்துவர் அவரிடம் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்து, "இன்னைக்குத் தம்பி போற ஒவ்வொரு யூரினையும் இதுல பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க, நிறம் மாறுச்சுன்னா உடனே சொல்லுங்க" என்றார். இது என்ன வைத்தியம் என்பது போல அப்பா என்னைப் பார்த்தார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வாமை இல்லாத உடம்பிலும் கொட்டு நிறைய ஆகும்போது விஷமே நேரடியாகக் கெடுதல் செய்யும். தேனீ விஷத்தில் ஏறக்குறைய பாதி, மெலிட்டின் என்ற ஒரே பொருள். அது செல்களின் சுவரை ஓட்டை போடுகிறது. சிவப்பணுக்கள் உடைகின்றன, தசைகள் சிதைகின்றன. உடைந்ததெல்லாம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைக்கிறது. இது சில மணி நேரத்தில் தொடங்கி ஒன்றிரண்டு நாள் வரை மெல்ல நடக்கும் வேலை. அதுவரை ஆள் நன்றாகவே இருப்பான், பேசுவான், பசிக்கிறது என்பான். பெரியவர்களுக்கே ஐம்பதுக்கு மேல் கொட்டு என்றால் ஒரு நாளாவது வைத்துப் பார்ப்பது வழக்கம். சிறு உடம்பென்றால் அதற்கும் குறைவிலேயே.

ராத்திரி பத்து மணி வாக்கில் அப்பா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் டியூப் லைட்டுக்குக் கீழே வந்து நின்றார். பால் இல்லாத டீயின் நிறம். மருத்துவர் அதைப் பார்த்ததும் டிரிப்பின் வேகத்தைக் கூட்டச் சொன்னார், ரத்தம் எடுத்து அனுப்பினார். தேனீ விஷத்துக்கு பாம்பு விஷத்துக்கு இருப்பது போல முறிமருந்து எதுவும் அங்கே இல்லை. தண்ணீரை நிறைய ஏற்றிச் சிறுநீரகத்தைக் கழுவிக்கொண்டே இருப்பதுதான் வைத்தியம், அதற்கும் அடங்கவில்லை என்றால் டயாலிசிஸ். ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு போகிறான் என்று அளந்து எழுதினார்கள். சிறுநீரகம் திணறினால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறியது, மறுநாளும் கொஞ்சம் ஏறியது, அப்புறம் நின்று இறங்கியது. டயாலிசிஸ் வரை போகவில்லை. ஒருவேளை அன்று சாயங்காலம் டிவிஎஸ்ஸில் வீட்டுக்குப் போயிருந்தால், உடம்பு வலிக்கிறது என்று படுத்திருப்பான், வெயிலில் மூத்திரம் மஞ்சளாகப் போகிறது என்று இளநீர் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். டெல்டாவில் எந்த வீட்டிலும் அதுதான் நடக்கும்.

நெல் காயவைத்த அந்த இருவருக்கும் முப்பது நாற்பது கொட்டு இருந்தது. பக்கத்துப் படுக்கைகளில் ஒரு நாள் இருந்துவிட்டு, ஒன்றும் ஆகாமல், சலித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். காய்ந்த நெல்லை யாரோ அள்ளி மூட்டை கட்டி வைத்திருந்தார்கள்.

அடைகளைத் தீப்பந்தம் வைத்துக் கொளுத்திவிடலாம் என்று ஊரில் ஒரு கூட்டம் போட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, சொல்லவும் செய்தேன். அடை மேல் பந்தம் பட்டால் தெருவே வீட்டுக்குள் ஒளிய வேண்டியிருக்கும் என்று தீயணைப்புத் துறைக்காரர் ஒருவரும் சொல்ல, பேச்சு அத்தோடு அடங்கியது. வடகரைப் பாதையை மட்டும் முள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள்.

எங்கள் பள்ளியில் இப்போது முகாமுக்குப் பெற்றோரிடம் வாங்கும் ஒப்புதல் தாளில், "தேனீ, குளவி, கதண்டு முன்பு கொட்டியதுண்டா, அப்போது உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்ததா" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். பெரும்பாலும் "இல்லை" என்றுதான் வருகிறது. அந்தப் பெண்ணின் அப்பாவைக் கேட்டிருந்தாலும் "ஒன்றும் ஆகவில்லை" என்றே எழுதியிருப்பார். ஆகவே அதைவிடப் பயன்படுவது இன்னொரு விஷயம்: முகாம் ஊருக்குப் போவதற்கு முன்னால் எந்த சுகாதார நிலையத்தில் எத்தனை மணி வரை மருத்துவர் இருக்கிறார், அதற்குப் பிறகு எங்கே போவது, படுக்கவைத்துக் கொண்டுபோக ஊரில் யாரிடம் வண்டி இருக்கிறது என்று போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருவது.

அந்தப் பெண்ணின் அம்மா ஒருநாள் பள்ளிக்கு வந்தார். நாற்று நட, களை பறிக்கப் போகும் குடும்பம். லீவு நாளில் மகளும் கூடப் போவாள். "இனிமே வயலுக்குக் கூட்டிட்டுப் போகலாமா சார்? ஒண்ணு ரெண்டு கொட்டினா பரவாயில்லையா?" என்று கேட்டார். அவளுக்கு ஒன்றே போதும் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா என்று ஒன்று உண்டு, எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் விசாரித்தேன், யாரிடமும் இல்லை. போகலாம், தனியாகப் போகக் கூடாது. கொட்டிவிட்டால் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இல்லாமல் நேரே வண்டி. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நடக்க வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அந்த நேரத்துல டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது? மூணு கொட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமான்னு திட்டினா?" என்றார். எத்தனை கொட்டு என்பதைச் சொல்லவே வேண்டாம், குரல் மாறியிருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள், போன தடவை அட்ரினலின் இரண்டு ஊசி போட்டார்கள் என்று அடுத்ததாகச் சொல்லுங்கள் என்றேன். அந்த மருந்தின் பெயரை நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்தார். முதல் தடவை "அட்டனலின்" என்று வந்தது. கிளம்பும்போது சரியாக வந்துவிட்டது.